பட்டினப்பாலையில் கல்லணை இல்லை

"'வான் பொய்ப்பினும் தான் பொய்யா' என்பது கல்லணையைத்தான் சொல்கிறது. அணை இருந்ததால் காவிரி வற்றவில்லை என்றே வகுப்பில் நடத்துகிறேன்."

இப்படி எழுதிய ஆசிரியர் ஐயா, பட்டினப்பாலையில் அடுத்த வரியையும் சேர்த்து வாசியுங்கள். 'மலைத்தலைய கடற்காவிரி' என்கிறார் புலவர், அதாவது மலையில் பிறந்து கடலில் சேரும் வற்றாத ஆறு, அணை எங்கேயும் வரவில்லை. பின்னணி சொல்ல வேண்டுமென்றால் பாட்டின் முதல் வரிகளே தருகின்றன: வெண்மீன், அதாவது வெள்ளி, தெற்கே போனால் பஞ்சம் வரும் என்று அன்றைக்கு நம்பினார்கள், புறநானூறு 35ஆம் பாட்டிலும் காவிரியோடு சேர்ந்தே அது வருகிறது. இரண்டு பாட்டில் ஒரே நம்பிக்கை இருந்தால் தைரியமாக நடத்தலாம்.

திருவையாறு அக்கா அதே பாட்டிலிருந்து 'குளம் தொட்டு வளம் பெருக்கி' என்ற வரியைக் காட்டியது சரிதான், கரிகாலனின் நீர்ப்பணிக்கு அது சான்று, ஆனால் குளம் வேறு அணை வேறு. காவிரிக்கு அவன் கரை கட்டியதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது, அதுவும் 11ஆம் நூற்றாண்டு, பாட்டுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. அதனால் "பிற்காலச் செப்பேடு இப்படிச் சொல்கிறது" என்று தனியாகச் சொல்லுங்கள், பாட்டின் பொருளாக எழுதிப்போடாதீர்கள். கல்லணைக்குச் சுற்றுலா கூட்டிப்போகலாமா என்று கேட்ட தம்பி, தாராளமாகப் போங்கள், 'வான் பொய்ப்பினும்' வரியை மட்டும் அங்கே வைத்து விளக்காதீர்கள்.