அடைப்பு உடையும் அந்த நொடி

"விஷவாயு தாக்கி தொழிலாளர்கள் பலி." இந்தத் தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வரும். குழிக்குள் ஏதோ ஒரு மிருகம் பதுங்கியிருந்து, இறங்கியவர் மேல் பாய்ந்த மாதிரி எழுதுகிறார்கள். பாதாளச் சாக்கடைப் பராமரிப்பில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரும்பாலும் நடப்பது அது இல்லை. மூடியைத் திறக்கும்போது அந்தக் குழியில் ஆளைக் கொல்லும் அளவுக்கு வாயு இல்லாமல்கூட இருக்கலாம். உள்ளே இறங்கி அடைப்பைக் குத்துகிறோமே, அந்த வேலைதான் வாயுவை வெளியே கொண்டுவருகிறது.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொன்னால் இது விளங்கும்.

முப்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு மேன்ஹோல். நடுவில் 300 மில்லிமீட்டர் குழாய். மேல்பக்கத்து மேன்ஹோல் மூன்று நாளாக நிரம்பி வழிகிறது. கீழ்ப்பக்கத்து மேன்ஹோலில் தண்ணீரே இல்லை, அடியில் கொஞ்சம் ஈரம் மட்டும். அப்படியென்றால் அடைப்பு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்று அர்த்தம், இங்கே கீழ்ப்பக்க வாய்க்குக் கிட்டத்தில். வழக்கமாக என்ன செய்வார்கள்? காய்ந்து கிடக்கிற குழிக்குள் ஒருவரை இறக்குவார்கள். அவர் குழாய் வாயில் கம்பியை விட்டுக் குத்துவார். தண்ணீர் இல்லாத குழி, நாற்றமும் குறைவு, அதனால் ஆபத்தும் குறைவு என்று எல்லோரும் நினைப்பார்கள்.

அன்றைக்கு யாரையும் இறக்கவில்லை. கேஸ் டிடெக்டரைக் கயிற்றில் கட்டி அந்தக் காய்ந்த குழிக்குள் விட்டோம். மூடிக்குக் கீழே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்திலும் இரண்டிரண்டு நிமிடம் நிறுத்திப் பார்த்தோம். ஆக்சிஜன் 20.8 சதவீதம். ஹைட்ரஜன் சல்பைடு 2 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 2 பங்கு. மீத்தேன் இல்லை. சுத்தமான குழி. காகிதத்தில் எழுதினால் 'இறங்கலாம்' என்றுதான் எழுத வேண்டும்.

டிடெக்டரை அடியிலேயே தொங்கவிட்டு, தண்ணீரை அதிவேகமாகப் பீய்ச்சும் ஜெட் வண்டியின் குழாயை உள்ளே விட்டோம். நாலைந்து நிமிடத்தில் அடைப்பு உடைந்தது. அந்தப் பக்கம் மூன்று நாளாகத் தேங்கிக் கறுத்துப்போன தண்ணீர் இரைச்சலோடு வந்து விழுந்தது. டிடெக்டர் கத்த ஆரம்பித்தது. கயிற்றை இழுத்து எடுத்துப் பதிவைப் பார்த்தால் 2 என்றிருந்தது 15 ஆகி, 90 ஆகி, ஒரு நிமிடத்துக்குள் அந்தக் கருவி அளக்கக்கூடிய 200-ஐயும் தாண்டிப் போயிருந்தது. அதற்கு மேல் எவ்வளவு என்று அதற்குக் காட்டத் தெரியாது. என் பக்கத்தில் நின்ற மூத்த தொழிலாளி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த நேரத்துக்கு நான் கம்பியோட உள்ள நின்னிருப்பேன் சார்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அது ஏன் அப்படி ஆனது என்பதுதான் இந்தப் பதிவின் விஷயமே. கழிவுநீர் ஓடாமல் நின்றால் அதிலுள்ள காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு காற்று வேண்டாத நுண்ணுயிரிகள் வேலையைத் தொடங்கும். ஒரு வகை தண்ணீரிலுள்ள சல்ஃபேட்டை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடைத் தருகிறது. இன்னொரு வகை மீத்தேனைத் தருகிறது. உருவாகிற சல்பைடு உடனே மேலே வந்துவிடாது. தண்ணீரில் கரைந்தும், கசடுக்குள் குமிழாக மாட்டிக்கொண்டும் கிடக்கும். சோடா பாட்டிலைத் திறக்காமல் வைத்திருக்கிற மாதிரி. அதைக் குலுக்கினால், கலக்கினால், உயரத்திலிருந்து கொட்டினால் அத்தனையும் ஒரேயடியாக வெளியே வரும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் ஆழம் உள்ள வட்டக் குழியில் ஏறக்குறைய 2,350 லிட்டர் காற்று இருக்கும். அதை 1,000 பிபிஎம் ஆக்க, அதாவது ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்க்கிற அளவுக்குக் கொண்டுபோக, 3.3 கிராம் ஹைட்ரஜன் சல்பைடு போதும். ஒரு தேக்கரண்டி சர்க்கரையின் எடைகூட இல்லை. அடைபட்ட முப்பது மீட்டர் குழாயில் நிற்கிற தண்ணீர் சுமார் 2,100 லிட்டர். லிட்டருக்கு வெறும் 5 மில்லிகிராம் கரைந்திருந்தால்கூட மொத்தம் 10 கிராம் ஆகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு வெளியே வந்தால் கதை முடிந்தது. காலையில் செய்த சோதனை இந்த 10 கிராமைப் பார்க்கவே முடியாது, ஏனென்றால் அப்போது அது காற்றில் இல்லை, அடைப்புக்கு அந்தப் பக்கம் தண்ணீரில் இருக்கிறது.

"நாத்தம் வந்தா மேல வந்துடுவோம்ல" என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இந்த நம்பிக்கைதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. அழுகிய முட்டை வாடை 1 பிபிஎம்முக்குக் கீழேயே மூக்கில் ஏறும். ஆனால் 100 பிபிஎம் அளவில் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். அதற்கும் மேலே போனால் உடனேயே வாடை தெரியாமல் போகும். வாடை நின்றுவிட்டது என்றால் வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள், அளவு கூடிவிட்டது என்பதும் அதற்கு அர்த்தமாக இருக்கலாம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், உயிருக்கு உடனடி ஆபத்து என்று வைத்திருக்கும் எல்லையும் இதே 100 பிபிஎம்தான். மூக்கு கைவிடுகிற இடமும் உயிருக்கு ஆபத்து தொடங்குகிற இடமும் ஒன்றாக இருக்கிறது.

500-ஐத் தாண்டினால் தள்ளாட்டம், மயக்கம். இந்த வாயு உடலுக்குள் போய், செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் இடத்தையே அடைத்துவிடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், மூளையால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. மூச்சை இயக்கும் மையம் நின்றுபோகும். கத்தக்கூட நேரமில்லாமல் கால் மடங்கி, முகம் குப்புறச் சேற்றில் விழுகிறவர்கள் அதிலேயே மூழ்கியும் போகிறார்கள்.

தீக்குச்சிச் சோதனையையும் சொல்ல வேண்டும். எரிகிற காகிதத்தையோ விளக்கையோ உள்ளே விட்டு, அணையவில்லை என்றால் இறங்கலாம் என்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. 1,000 பிபிஎம் என்பது காற்றில் 0.1 சதவீதம். ஹைட்ரஜன் சல்பைடு தீப்பிடிக்கவே 4 சதவீதம் வேண்டும். ஆகவே ஆளைக் கொல்கிற குழியில் அந்த விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருக்கும். மீத்தேன் இருந்தாலோ நிலைமை நேர்மாறு. அது காற்றில் 5-இலிருந்து 15 சதவீதம் வரை இருந்தால் அந்தத் தீக்குச்சியே வெடிக்க வைக்கும். மீத்தேனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றைவிட இலேசானது, அதனால் மூடிக்கு அடியில் சேர்ந்து நிற்கும். அது நச்சும் இல்லை, ஆனால் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு குழியில் 20 சதவீதம் மீத்தேன் நிறைந்தால் ஆக்சிஜன் 17-க்குக் கீழே போய்விடும்.

டிடெக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் ஆக்சிஜனைக் காட்டும் O2 அளவைப் பாருங்கள், பிறகுதான் எரிவாயுவைக் காட்டும் LEL. எரிவாயுவை அளக்கிற சாதாரண சென்சார் அந்த வாயுவை உள்ளே எரித்துப் பார்த்துத்தான் அளவு சொல்கிறது, எரிக்க ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் மிகக் குறைந்த குழியில் அது மீத்தேனைக் குறைத்துக் காட்டிவிடும்.

சரி, மெஷின் இருக்கும்போது ஏன் ஆளை இறக்குகிறார்கள்? "மெஷின் விட்டுப் பார்த்தோம், எடுபடலை" என்பார்கள். பல தடவை இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு நான் போய்ப் பார்த்தால், ஜெட் குழாயை நிரம்பி வழிகிற மேன்ஹோலில் விட்டிருப்பார்கள். புகார் வருகிற இடம் அதுதானே! ஆனால் ஜெட் குழாயின் மூக்கில் துளைகள் பின்பக்கம் பார்த்து இருக்கின்றன. தண்ணீர் பின்னால் பீய்ச்சும்போது குழாய் முன்னால் நகரும், நகர்கிற வழியிலுள்ள மண்ணையும் கசடையும் பின்னால் இழுத்துத் தள்ளும். அதைக் காய்ந்த பக்கத்திலிருந்து, தண்ணீர் ஓட்டத்துக்கு எதிராக அனுப்ப வேண்டும். அப்போதுதான் உடைந்த கசடு நம் பக்கம் வந்து விழும், உறிஞ்சு குழாய் போட்டு எடுத்துவிடலாம். நிரம்பிய பக்கத்தில் விட்டால் நிரம்பியதை மேலும் நிரப்புகிறோம், அவ்வளவுதான். தப்பான மேன்ஹோலில் மெஷினை விட்டுவிட்டு, அது தோற்றதாகச் சொல்லி ஒரு மனிதரை அனுப்புவதை நான் மன்னிக்க முடியாத தவறாகப் பார்க்கிறேன்.

வண்டி நுழையாத சந்து என்பது அடுத்த காரணம். வண்டி நுழைய வேண்டியதில்லை, குழாய் நுழைந்தால் போதும். பெரிய வண்டிகளில் நூறு மீட்டருக்கு மேல் நீளமான குழாய் சுற்றியிருக்கும். கையால் தள்ளிப்போகிற சிறிய ஜெட் யூனிட்டும் உண்டு. கல்லும் துணியும் சேர்ந்து இறுகிப்போன குழிக்கு மேலிருந்து இறக்கி அள்ளுகிற வாளி மெஷின் இருக்கிறது. மரவேருக்கு வெட்டும் முனை இருக்கிறது. உறிஞ்சும் வண்டிக்கு எல்லை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வெற்றிடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தண்ணீரை மட்டும் பத்து மீட்டருக்கு மேல் தூக்காது, கெட்டியான கசடு என்றால் அதிலும் குறைவு. அங்கே கூடவே காற்றை இழுக்க விட்டோ, அடியில் பம்பு இறக்கியோ எடுக்கலாம். குழாயே இடிந்துபோயிருந்தால் கேமரா விட்டு இடத்தைக் கண்டுபிடித்து மேலிருந்து தோண்ட வேண்டும். அடைப்பு எடுக்க என்று ஆள் இறங்கத்தான் வேண்டும் என்ற ஒரு குழியை நான் இதுவரை பார்த்ததில்லை.

சுவரைப் பூசவோ பழுது பார்க்கவோ இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் கசடு முழுவதும் வெளியே போயிருக்க வேண்டும். மேல்பக்கத்து வரத்தை அடைத்து, காற்று ஊதும் புளோயரின் குழாய் குழியின் அடிவரை போய் வேலை முடியும் வரை ஓட வேண்டும். டிடெக்டர் அவர் நெஞ்சில் இருக்க வேண்டும். உடம்பில் பெல்ட், பெல்ட்டிலிருந்து கயிறு, கயிறு மேலே முக்காலியின் வின்ச்சில். துணி முகமூடி இந்த வாயுவுக்குத் துளியும் தடையில்லை. வடிகட்டி முகமூடியையும் இந்த அளவுகளில் நம்பக்கூடாது, அது ஆக்சிஜனை உண்டாக்காது.

அந்தக் கயிற்றுக்காகத்தான் இவ்வளவு எழுதினேன். 1986-இல் நியோஷ் வெளியிட்ட எச்சரிக்கையில், இப்படிப்பட்ட அடைபட்ட இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று சொல்லியிருக்கிறது. அண்ணன் விழுந்ததைப் பார்த்துத் தம்பி இறங்குகிறார், தம்பிக்காக இன்னொருவர். முதல் ஆளைச் சாய்த்த அதே காற்றுதான் இரண்டாவது ஆளுக்கும். கயிறு கட்டியிருந்தால் மேலே நிற்பவர் வின்ச்சைச் சுற்றி ஒரு நிமிடத்துக்குள் தூக்கிவிடலாம், யாரும் இறங்க வேண்டாம். கட்டவில்லை என்றால் காற்று சிலிண்டர் மாட்டிய தீயணைப்புப் படை வரும் வரை புளோயரை உள்ளே ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். கண்ணெதிரே ஒருவர் கிடக்கும்போது அப்படி நிற்பது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உங்கள் தெருவில் ஒருவர் வெறும் உடம்போடு மேன்ஹோல் ஓரம் உட்கார்ந்து காலை உள்ளே விடுவதைப் பார்த்தால், அந்த நேரத்திலேயே தடுத்து நிறுத்தச் சொல்கிறேன். "அண்ணே, கொஞ்சம் இருங்க, பக்கத்து மேன்ஹோலத் திறந்து பார்த்தாச்சா, அது காஞ்சு கிடக்கா?" என்று கேளுங்கள். காய்ந்திருக்கிறது என்றால் ஜெட் வண்டியை அங்கே கொண்டுவரச் சொல்லி, வரும் வரை அங்கேயே நில்லுங்கள்.