எண்ணைப் பார்த்ததும் எந்த வகைக் குறிப்பு என்று தெரிய வேண்டும்

ஒரு வாக்கியத்தின் முடிவில் குட்டியாக 43 என்று ஓர் எண் நிற்கிறது. அதைப் பார்த்ததும் வாசகருக்கு எழுவது ஒரே கேள்விதான்: இதை இப்போதே பார்க்க வேண்டுமா, சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளலாமா? நிறைய நூல்கள் இதற்குப் பதில் சொல்வதில்லை. கடைசிப் பக்கங்களுக்குப் போய் 43-ஐத் தேடினால் ஒரு நூல் பெயரும் பக்க எண்ணும் மட்டும் இருக்கும். இப்படி நாலைந்து முறை ஏமாந்தபின் வாசகர் எண்களைப் பார்ப்பதையே விட்டுவிடுவார். அப்புறம் 51-ஆம் குறிப்பில் ஆசிரியர் அரைப் பக்கத்துக்கு அருமையான மறுப்பு ஒன்று எழுதியிருப்பார். அதை யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

இது பழைய குறை. எட்வர்ட் கிப்பனின் ரோமப் பேரரசு வரலாற்றின் முதல் தொகுதி 1776-இல் வந்தபோது குறிப்புகள் எல்லாம் தொகுதியின் கடைசியில் இருந்தன. தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் அந்த ஆண்டு ஏப்ரலில் அச்சகத்தார் வில்லியம் ஸ்ட்ராகனுக்கு எழுதிய கடிதத்தில் நூலைப் புகழ்ந்துவிட்டு இதைப் பற்றி முறையிட்டார். குறிப்பு இருக்கிறதே என்று கடைசிக்குப் புரட்டினால், பல நேரம் அங்கே சான்று நூலின் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை, சான்றுகளைப் பக்க ஓரத்திலோ அடியிலோ அச்சிடுங்கள் என்றார். பின்வந்த பதிப்பில் குறிப்புகள் பக்கத்தின் அடிக்கு வந்தன. கிப்பனுக்கு அதில் முழு மனது இல்லை. வாசகர்கள் வற்புறுத்தியதால் ஒப்புக்கொண்டேன், அப்படி ஒப்புக்கொண்டதற்காகப் பலமுறை வருந்தியிருக்கிறேன் என்று தன்வரலாற்றில் எழுதி வைத்தார். உலகமே அடிக்குறிப்புக்கு உதாரணமாகக் காட்டும் ஆசிரியர் இவர்!

ஹியூம் கண்டுபிடித்த நோய் சரி. மருந்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. சான்றைக் கண்முன் கொண்டுவந்தால் புரட்டும் தொல்லை தீரும், உண்மைதான். ஆனால் படிக்கிற ஓட்டத்தில் சான்று கண்முன் இருக்க வேண்டிய அவசியம் பெரும்பாலோருக்கு இல்லை. அதைச் சரிபார்ப்பவர் எப்படியும் மேசையில் உட்கார்ந்து, வேறு நூல்களையும் திறந்து வைத்துக்கொண்டுதான் சரிபார்க்கிறார். நாலு பக்கம் புரட்டுவது அவருக்குப் பாரமில்லை. விளக்கக் குறிப்பு அப்படியல்ல. அந்த வாக்கியம் மனதில் சூடாக இருக்கும்போது படித்தால்தான் அதற்குப் பொருள். ஆகவே விளக்கம் பக்கத்தின் அடியில், சான்று நூலின் இறுதியில். இரண்டுக்கும் வேறு வேறு அடையாளம். என் கட்சி இதுதான்.

இது ஏதோ புதுப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். பதிப்பகங்கள் பின்பற்றும் சிகாகோ நடைக் கையேடு இப்படி இரண்டு வரிசை வைத்துக்கொள்ள இடம் தருகிறது: இறுதிக் குறிப்புகளுக்கு எண், அடிக்குறிப்புகளுக்கு உடுக்குறி, குத்துவாள் குறி (*, †) போன்ற அடையாளங்கள். உடுக்குறியைப் பார்த்தால் கண் கீழே இறங்கும். எண்ணைப் பார்த்தால் தாண்டிப் போகும்.

பிரிப்பது சொல்வதுபோல் எளிதல்ல. ஒரே குறிப்புக்குள் இரண்டும் கலந்து கிடப்பதுதான் நடைமுறையில் அதிகம். ஒரு கற்பனை உதாரணம். கடல் வணிகம் பற்றிய நூலில் இப்படி ஒரு வாக்கியம்: "அந்தக் கப்பல் மூன்று வாரம் தாமதமாகத் துறைமுகம் வந்தது." அதற்கான குறிப்பு: "துறைமுகப் பதிவேடு, தொகுதி 2, பக். 41. கப்பல் தலைவரின் நாட்குறிப்பு இரண்டு வாரம் என்கிறது. வழியில் புயலுக்கு ஒதுங்கி நின்ற ஒரு வாரத்தை அவர் தாமதமாகக் கணக்கில் எடுக்கவில்லை. இதே தலைவர் பின்னாளில் சரக்குத் திருட்டு வழக்கில் சிக்கினார்."

இதில் நான்கு வாக்கியங்கள், நான்குக்கும் போக வேண்டிய இடம் வேறு. பதிவேட்டின் பெயர் சான்று, அது எண்ணோடு இறுதிக்குப் போகட்டும். இரண்டு வாரம் என்கிற நாட்குறிப்புத் தகவல் குறிப்பில் இருக்கவே கூடாது. மேலே "மூன்று வாரம்" என்று அடித்துச் சொல்லிவிட்டு, இன்னொரு சாட்சி வேறு கணக்குச் சொல்வதைக் கீழே ஒளித்து வைப்பது வாசகரை ஏமாற்றுவது. அது மேலே ஏற வேண்டும்: "துறைமுகப் பதிவேட்டின்படி மூன்று வாரம், கப்பல் தலைவரின் கணக்கில் இரண்டு வாரம் தாமதமாக வந்தது." இரண்டு கணக்கும் ஏன் வேறுபடுகின்றன என்ற புயல் விவரம்தான் அசலான விளக்கக் குறிப்பு. தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் வாதம் நிற்கும். அது அடிக்குறிப்பாகட்டும். திருட்டு வழக்கு? சுவையான செய்திதான், ஆனால் தாமதத்தோடு அதற்கு உறவில்லை. வெட்டலாம். ஆசிரியருக்கு மனசு வராது, அது வேறு விஷயம். (வழக்கும் தாமதமும் தொடர்புடையவை என்று அவர் சந்தேகித்தால் அதை நூலிலேயே வெளிப்படையாக எழுத வேண்டும். குறிப்பில் கண்ணடிக்கக் கூடாது.)

குறிப்பை மூடிவிட்டு மேலே உள்ள வாக்கியத்தைப் படித்துப் பார்ப்பதே சோதனை. வாக்கியம் பொய்யாகிறது என்றால் அந்தக் குறிப்பு மேலே ஏற வேண்டியது. எந்த இழப்பும் தெரியவில்லை என்றால் நீக்க வேண்டியது. நடுவில் மிஞ்சுபவை மட்டுமே அடிக்குறிப்புகள். ஒரு விளக்கக் குறிப்பில் ஒரு கருத்துக்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ நடைமுறை சொல்வதும் இதனால்தான். இரண்டாவது கருத்து வந்துவிட்டால் அது குட்டிக் கட்டுரையாகி, பக்கத்தின் பாதியைத் தின்று அடுத்த பக்கத்துக்கு வழியும்.

கணினியில் இதைச் செய்வது கடினமில்லை. வேர்டு ஒரே கோப்பில் இரண்டு வரிசையையும் தனித்தனியாக வைத்திருக்கும். நாம் மாற்றாவிட்டால் அடிக்குறிப்புக்கு 1, 2, 3 என்றும் இறுதிக் குறிப்புக்கு i, ii, iii என்றும் போடும். அதைத் திருப்பி, இறுதிக்கு எண்ணும் அடிக்கு *, †, ‡ வரிசையும் வைத்து, அடையாளங்கள் பக்கத்துக்குப் பக்கம் புதிதாகத் தொடங்கும்படி `Restart each page` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் அடையாளங்கள் சீக்கிரமே தீர்ந்து, இரட்டை இரட்டையாக அடுக்கத் தொடங்கும். ஏற்கெனவே கலந்து எழுதிய கோப்பானால், குறிப்பின்மேல் வலது சொடுக்கி `Convert to Endnote` கொடுத்தால் அந்தக் குறிப்பு மட்டும் இடம் மாறும்.

இறுதிக் குறிப்புகளில் இன்னொரு தொல்லை உண்டு, அது வடிவமைப்பாளர் கையில். எண்கள் இயலுக்கு இயல் 1 என்று தொடங்கும். குறிப்புப் பகுதியில் "இயல் 7" என்று தலைப்பு இருக்கும். நாம் படிக்கிற பக்கத்தின் மேலேயோ இயலின் பெயர் மட்டும்தான் இருக்கும், எண் இருக்காது. ஆக, எந்த இயலில் இருக்கிறோம் என்று அறிய முதலில் இயலின் தொடக்கத்துக்குப் புரட்டி, பிறகு நூலின் இறுதிக்குப் புரட்ட வேண்டும். குறிப்புப் பகுதியின் ஒவ்வொரு பக்கத் தலையிலும் "பக்கம் 112 முதல் 125 வரையிலான குறிப்புகள்" என்று ஒரு வரி போட்டால் போதும். பக்க எண்கள் உறுதியான பிறகே இதைப் போட முடியும் என்பதால் கடைசி நேர அவசரத்தில் முதலில் விடுபடுவதும் இதுதான்.

எல்லா நூலுக்கும் இந்தப் பிரிவினை ஒத்துவராது. பிரதிகளை ஒப்பிட்டு வெளியிடும் ஆய்வுப் பதிப்பிலும், சான்றின் நம்பகத்தன்மையே வாதமாக இருக்கிற கட்டுரையிலும் சான்றும் விளக்கமும் ஒட்டிப் பிறந்தவை. பிரித்தால் இரண்டுமே புரியாது. அங்கே எல்லாம் அடியிலேயே இருக்கட்டும், முதலில் சான்று, பிறகு விளக்கம் என்ற வரிசையில். பத்துப் பன்னிரண்டு குறிப்புகளே உள்ள சிறு கட்டுரைக்கும் இரண்டு வரிசை வீண் ஆடம்பரம்.

மின்னூலில் எழுத்தளவை மாற்றினால் பக்கமே மாறிவிடும், அடி ஏது, இறுதி ஏது, இனி இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்கிறார்கள். அங்கே எல்லாக் குறிப்பும் ஒரு சுட்டிதான், சரி. ஆனால் தொட்டால் என்ன வரும் என்பது அங்கேயும் தொடும்வரை தெரியாது. இடத்தால் பிரிக்க முடியாத அந்தத் திரையில் உடுக்குறியும் எண்ணும் மட்டுமே வேறுபாட்டைக் காட்டும். ஆனால் அச்சுக்கோப்பை மின்னூலாக மாற்றும்போது பலர் முதலில் செய்வது, இரண்டு வரிசையையும் ஒரே எண் வரிசையாகக் கலப்பதுதான்.