பின்பாட்டை நகல் என்று நினைத்து அழிக்காதீர்கள்

நாங்குநேரிப் பக்கம் எங்கள் ஊர் சுடலைமாடன் கோவில் கொடையில் பாடிய வில்லுப்பாட்டை, மேடையோரம் ஒரு ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்திருந்தேன். மொத்தம் நான்கு மணி நேரம், ஒரே கோப்பு. அதைக் கணினி கொண்டு எழுத்தாக்கி, அச்செடுத்து, பெரியப்பாவிடம் கொடுத்தேன். அவர் அந்தக் குழுவில் குடம் அடிப்பவர், பின்பாட்டும் அவர்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்து ஒரு பக்கம் படித்தார். அப்புறம் கேட்டார்: "ஏல, புலவர் பாடுனதெல்லாம் இருக்கு. நாங்க பாடுனது எங்கல?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. புலவர் ஒரு அடியைப் பாடுவார், குழு அதன் பின்பாதியை வாங்கித் திருப்பிப் பாடும். வில்லுப்பாட்டின் நடையே அதுதான். என் பிரதியில் அந்தத் திருப்பம் பெரும்பாலான இடங்களில் காணவில்லை. அவற்றை நீக்கியது பேச்சறியும் மென்பொருள் அல்ல, அதற்குப் பிறகு 'சுத்தம்' செய்ய நான் எழுதிய சின்ன நிரல். அடுத்தடுத்து ஒரே சொற்றொடர் வந்தால் ஒன்றை நீக்கு என்பதுதான் அதற்கு நான் கொடுத்த வேலை. இதே வேலையைப் பலரும் செய்கிறார்கள் என்று தெரியும், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்படி ஒரு நிரல் ஏன் தேவைப்பட்டது என்றால், நீளமான பதிவைத் துண்டு போடாமல் முடியாது. நான் பயன்படுத்திய விஸ்பர் என்ற பேச்சறியும் மென்பொருள் ஒரு நேரத்தில் 30 வினாடிதான் கேட்கும், அதன் கட்டமைப்பே அப்படி. சரி, 30 வினாடிக்கு ஒருமுறை நறுக்கிவிடலாம் என்றால், கத்தி ஏதாவது ஒரு சொல்லின் நடுவில் விழும். தமிழில் இது வெறும் எழுத்துப் பிழையோடு நிற்பதில்லை. வினைமுற்றில் ஆண், பெண், மரியாதை, பன்மை எல்லாம் கடைசி அசையில்தான் இருக்கிறது. 'வந்தார்' நுனி வெட்டுப்பட்டால் 'வந்தா' ஆகிவிடும். நம் ஊர்ப் பேச்சில் அது 'அவள் வந்தாள்' என்றும் ஆகும், 'வந்தால்' என்றும் ஆகும். துண்டின் தொடக்கத்தில் 'நடந்து' தலை போனால் மென்பொருள் 'கடந்து' என்று எழுதும். பாதி கேட்ட சொல்லை அது வெறுமனே விடாது, தனக்குத் தெரிந்த ஒரு முழுச் சொல்லாக்கித்தான் தரும். படிப்பவருக்கு அங்கே பிழை இருப்பதே தெரியாது.

மௌனம் வரும் இடமாகப் பார்த்து வெட்டினால் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அறைக்குள் எடுத்த பேட்டிக்குப் போதும். கொடையில் மௌனம் எங்கே இருக்கிறது? பாட்டு நின்ற இடத்தில் உடுக்கை, உடுக்கை நின்ற இடத்தில் குடம், நடுவில் வெடி, பின்னால் ஜெனரேட்டர்.

ஆகவே ஓவர்லாப் வைத்துத்தான் வெட்ட வேண்டும். நான் ஒவ்வொரு துண்டையும் 30 வினாடியாக எடுத்து, அடுத்த துண்டை 20 வினாடி தள்ளித் தொடங்கினேன். அப்போது பக்கத்துத் துண்டுகள் 10 வினாடியைப் பங்கிட்டுக்கொள்ளும். நான்கு மணி நேரம் என்பது 14,400 வினாடி. 720 துண்டு, 719 ஒட்டு. மென்பொருள் கேட்க வேண்டிய நேரம் நான்கு மணியிலிருந்து ஆறு மணியாகக் கூடும். அந்தச் செலவுக்கு யோசிக்காதீர்கள். ஒட்டுக்கு ஒரு சொல் போனாலே 719 சொல் போய்விடும்.

இந்தப் பத்து வினாடி எதற்காக என்பதில்தான் எனக்கும் பலருக்கும் கருத்து வேறுபாடு. இரண்டு துண்டிலும் ஒரே சொற்கள் வருமே, அவற்றை ஒப்பிட்டு நகலை நீக்கத்தான் ஓவர்லாப் என்று நினைக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. துண்டின் இரண்டு ஓரத்திலும் மென்பொருள் முன்பின் தெரியாமல் கேட்கிறது, அந்த ஓரங்களை நம்ப முடியாது. ஒரு துண்டின் ஓரத்தில் விழுந்தது அடுத்த துண்டில் உள்ளே வந்துவிட வேண்டும், ஓவர்லாப் அதற்காகத்தான். அப்படிப் பார்த்தால் நாம் கேட்கும் கேள்வியும் மாறிவிடும். 'இந்தச் சொல் இரண்டு முறை வந்திருக்கிறதா' என்று கேட்க மாட்டோம், 'இந்த நொடியில் யார் சொல்வதை நம்புவது' என்று கேட்போம்.

நான் சிக்கிய ஒரு இடத்தைச் சொல்கிறேன். பதிவில் 1 மணி 12 நிமிடத்துக்குப் பக்கம். இடது துண்டு 4300-வது வினாடியில் தொடங்கி 4330-ல் முடிகிறது. வலது துண்டு 4320-லிருந்து 4350 வரை. பங்கிட்ட பகுதியின் நட்டநடு 4325. புலவர் "காட்டு வழி நடந்து வந்தார் சாமி" என்று பாடி 4323.9-ல் நிறுத்துகிறார். குழு "நடந்து வந்தார் சாமி" என்று 4324.6 வாக்கில் எடுக்கிறது.

முதலில் நான் செய்தது எளிய வழி. 4325-க்கு முன்னால் உள்ள சொற்களை இடது துண்டிலிருந்து எடு, பின்னால் உள்ளதை வலது துண்டிலிருந்து எடு. குழு பாடிய 'நடந்து'வின் மையம் இடது துண்டின் கணக்கில் 4324.9, வலது துண்டின் கணக்கில் 4325.1. ஒரே சொல்தான், ஆனால் இரண்டு துண்டும் சொல்லும் நேரம் கொஞ்சம் விலகியிருக்கிறது. இது எப்போதும் நடப்பது. விளைவு, இடதும் அதை வைத்துக்கொண்டது, வலதும் வைத்துக்கொண்டது. "நடந்து நடந்து வந்தார்" என்று வந்துவிட்டது. இந்த எண்கள் தலைகீழாக இருந்தால்? இடது 4325.1, வலது 4324.9 என்றால் இரண்டுமே விட்டுவிடும், சொல்லே இருக்காது. இரட்டிப்பாவது கண்ணில் படும். காணாமல் போனது படவே படாது.

அந்த இரட்டிப்பைப் பார்த்துத்தான் சுத்தம் செய்யும் நிரலை எழுதினேன். அது "நடந்து நடந்து" என்பதைச் சரி செய்தது. கூடவே, புலவர் பாடிய "நடந்து வந்தார் சாமி"யையும் குழு பாடிய "நடந்து வந்தார் சாமி"யையும் ஒன்றாக்கிவிட்டது. எழுத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் நடுவில் சில வினாடிகள் இருக்கின்றன. ஒட்டில் வரும் நகல் ஒரே நொடியில் இருக்கும், பாட்டில் வரும் திருப்பம் வேறு நொடியில் இருக்கும். எனக்கு வேண்டியிருந்த விஷயம் இவ்வளவுதான்.

இப்போது செய்வது இப்படி. பங்கிட்ட பத்து வினாடிக்குள், இரு துண்டிலும் நேரமும் ஒத்து எழுத்தும் ஒத்து வரும் சொற்களை மட்டும் ஜோடி சேர்க்கிறேன்.

```python
import unicodedata
from difflib import SequenceMatcher

def ratio(x, y):
    return SequenceMatcher(None, x, y).ratio()

def norm(s):
    return unicodedata.normalize("NFC", s)

def same(a, b):
    return (abs(a.mid - b.mid) < 0.4
            and ratio(norm(a.text), norm(b.text)) > 0.7)
```

இதில் `and` என்ற ஒரு சொல்தான் பெரியப்பாவின் பாட்டைக் காப்பாற்றியது. எழுத்து அச்சாக ஒத்தே இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை, ஏனென்றால் ஒரே ஒலியை ஒரு துண்டு 'வந்துட்டார்' என்று எழுதும், அடுத்தது 'வந்திட்டார்' என்று எழுதும். யூனிகோடு விஷயமும் உண்டு. 'கொடை'யில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் குறியும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும், ஒப்பிட்டால் வேறு என்று சொல்லும். `NFC` அதைச் சமன் செய்கிறது.

ஜோடிகள் கிடைத்ததும், அடுத்தடுத்த இரண்டு ஜோடிக்கு நடுவில் குரல் இடைவெளி எங்கே பெரிதாக இருக்கிறது என்று பார்க்கிறேன், நடுவுக்குப் பக்கமாக இருந்தால் நல்லது. நம் இடத்தில் புலவர் நிறுத்திய 4323.9-க்கும் குழு எடுத்த 4324.6-க்கும் நடுவே அது இருக்கிறது. 4324.2-ல் ஒட்டு போட்டேன். வலது துண்டின் ஓரத்திலிருந்து 4.2 வினாடி, இடது துண்டின் ஓரத்திலிருந்து 5.8 வினாடி, இரண்டுமே பாதுகாப்பான தூரம். ஒட்டுக்கு முன்னால் எல்லாம் இடது, பின்னால் எல்லாம் வலது. அதற்குப் பிறகு எதையும் நீக்குவதில்லை. 'ஆமா ஆமா' என்று வேகமாக வரும் இடத்தில் மட்டும் 0.4 வினாடிக்குள்ளேயே இரண்டு வந்துவிடும், அங்கே ஒட்டு போடாமல் தள்ளிப் போடுகிறேன்.

ஒன்று முக்கியம். நேரத்தை நம்பி ஒட்டுவதால் நேரம் சரியாக இருந்தாக வேண்டும். எம்பி3 கோப்பை அப்படியே துண்டு போட்டு, துண்டுகளின் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். வெட்டு நாம் சொன்ன இடத்தில் விழாது, அந்தச் சின்ன விலகல் 720 துண்டில் சேர்ந்துகொண்டே போகும். முதலில் மொத்தத்தையும் வினாடிக்கு 16,000 சாம்பிள் உள்ள வேவ் கோப்பாக மாற்றி, தொடக்க இடத்தைச் சாம்பிள் எண்ணிக்கையால் குறித்து வெட்டுங்கள்.

```
ffmpeg -i kodai.mp3 -ar 16000 -ac 1 kodai.wav
```

விஸ்பருக்குப் பதில், ஒலியின் ஒவ்வொரு சின்னத் துணுக்குக்கும் ஒரு விடை தரும் சிடிசி வகை மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு வேலை சுலபம். வேவ்2வெக் 2.0 வழியில் வந்தவை 20 மில்லிவினாடிக்கு ஒரு விடை தருகின்றன. ஓரத்து விடைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதியை வரிசையாகச் சேர்த்து, கடைசியில் ஒரே தடவை எழுத்தாக்கினால் போதும், சொல் ஒப்பிடும் பேச்சே இல்லை. 20 மில்லிவினாடி என்பது 320 சாம்பிள், அதனால் வெட்டும் இடங்கள் மட்டும் 320 சாம்பிளின் மடங்காக இருக்கட்டும்.

ஒட்டு சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லாத் துண்டையும் 10 வினாடி தள்ளித் தொடங்கி, முழுப் பதிவையும் இன்னொரு தடவை ஓட்டுங்கள். இப்போது பழைய ஒட்டு இருந்த இடமெல்லாம் துண்டின் நடுவில் வந்துவிடும். இரண்டு பிரதியையும் ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களின் நேரத்தை எழுதிப் பாருங்கள். வேறுபாடு பதிவெங்கும் சிதறிக் கிடந்தால் அது கேட்பதில் உள்ள பிழை. ஒட்டு நேரங்களைச் சுற்றிக் குவிந்திருந்தால் உங்கள் ஒட்டில்தான் கோளாறு. எனக்கு முதல் தடவை குவிந்துதான் இருந்தது.

இவ்வளவுக்கும் தீராத இடங்கள் உண்டு. புலவர் அடியை முடிக்கும் முன்பே குழு எடுத்துவிட்டால் இரண்டு குரலும் ஒன்றின் மேல் ஒன்று விழும், மென்பொருள் ஒருவரை மட்டும் எழுதும். சில இடத்தில் திருப்பிப் பாடுவதை அதுவே ஒன்றாகச் சுருக்கிவிடும். அங்கே ஒட்டில் செய்ய எதுவும் இல்லை. சொற்களுக்கு நடுவே ஒன்றரை வினாடிக்கு மேல் வெற்றிடம் வரும் நேரங்களை மட்டும் பட்டியல் எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்காருகிறேன். ஒலியைப் போட்டதும் பாதியிலேயே அவர் பாடிக் காட்டிவிடுகிறார், நான் எழுதிக்கொள்கிறேன்.