வானத்தை மாற்றுங்கள், வெளிச்சத்தையும் பாருங்கள்

நம் புகைப்படக் குழுவில் மாலை வானம் ஒட்டிய அந்தக் கோபுரப் படத்தைப் பற்றி நான் சொன்னதற்கு, 'பொறாமை' என்று பெயர் வைத்துவிட்டீர்கள். சரி.

வானத்தை மாற்றியது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. வெளிச்சத்தைப் பார்க்காமல் மாற்றியதுதான் தப்பு. அது மூடுவானத்தில் எடுத்த படம். கோபுரத்துச் சிலைகளுக்கு அடியில் நிழலே இல்லை. மேலே தீப்பிடித்தாற்போல் சூரியன் இறங்குகிறது. கீழே குளத்து நீர் மட்டும் பழைய வெள்ளை வானத்தையே காட்டிக்கொண்டிருக்கிறது! இதைக் கவனிப்பது பொறாமையா?

'புகைப்படம் என்றால் உண்மை' என்று இன்னொருவர். 1850களிலேயே பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டார். அக்காலத்து நெகட்டிவ் நீல ஒளியை அதிகம் வாங்கும்; கடல் சரியாக விழுந்தால் வானம் வெளுத்துவிடும். அவருக்கு இரண்டும் சேரும் தொடுவானம் நேர்கோடு. நமக்குப் பனை ஓலை.

அந்த ஓலை விளிம்புக்கு வருகிறேன். ஓரத்துப் புள்ளிகளில் பாதி ஓலை, பாதி பழைய வெள்ளை. என்னதான் கவனமாக வெட்டினாலும் அந்த வெள்ளை கூடவே வரும். ஆரஞ்சு வானத்தின் முன் சுண்ணாம்புக் கோடாகத் தெரியும். நான் செய்வது இது: Blue சேனலைப் பிரதி எடுத்து, Levels கொண்டு ஓலையைக் கறுப்பாகவும் வானத்தை வெள்ளையாகவும் பிரித்து, அதையே புது வான லேயருக்கு மாஸ்க் ஆக்குவேன். அந்த லேயரை மேலே வைத்து Multiply கொடுப்பேன். வெள்ளையோடு பெருக்கினால் புது வானம் அப்படியே நிற்கும். ஓரத்து வெள்ளையும் அதன் நிறத்தை வாங்கிக்கொள்ளும். பழைய வானம் சாம்பலாக இருந்தால் முதலில் அதை முழு வெள்ளையான 255க்கு ஏற்ற வேண்டும், இல்லையென்றால் புது வானம் அழுக்காகும். வெளிர்ச் சுவரின் ஓரம் இந்த முறையில் கறுக்கும். அங்கே மட்டும் மாஸ்க்கைக் கையால் இறுக்க வேண்டும்.

நான் வேலை பார்த்த ஸ்டுடியோவில் எல்லாக் கல்யாண ஆல்பத்துக்கும் ஒரே வானம்தான். உச்சி வெயிலில் மூக்கு நிழல் உதட்டில் விழுந்து நிற்கும் மாப்பிள்ளைக்கும் பின்னால் அதே செவ்வானம். கேட்டால், 'கலர் வந்ததா இல்லையா?' என்பார் முதலாளி. அவருக்காவது பிழைப்பு. உங்களுக்கு என்ன அவசரம்?

'போனில் பார்க்கிறவனுக்கு எங்கே தெரியும்' என்பவர்களுக்குப் பதில் கிடையாது. எனக்குத் தெரிகிறது.

அந்தப் படத்துக்கு வேண்டியது மெல்லிய மேகமும் வெளிறிய நீலமும்தான். அதையே தலைகீழாகத் திருப்பி, சற்று மங்கலாக்கிக் குளத்திலும் வைத்திருந்தால் நானே முதல் ஆளாகப் பாராட்டியிருப்பேன். செவ்வானம்தான் வேண்டும் என்றால், மாலையில் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும்போது போய் எடுங்கள்.

'வயதாகிவிட்டது' என்ற பின்னூட்டத்துக்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் சிலர், மாஸ்க் போடக் கற்றுக்கொண்டதே என்னிடம்தான். பெயர் சொல்லவில்லை.