சுமதி காதை மூடவில்லை

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் என் சிறுகதையைப் பற்றி என்ன பேசப்பட்டது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். பேசியவரின் பெயரை நான் இங்கே போட மாட்டேன். அங்கேயே பதில் சொல்லியிருக்கலாமே என்று இரண்டு பேர் இன்பாக்ஸில் கேட்டிருந்தார்கள். அன்று காலை ஏழு மணிக்குத்தான் இரவு டியூட்டி முடித்து வீட்டுக்கு வந்தேன். இரண்டு மணித்தியாலம்தான் படுத்தேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன். அதனால் இப்போது எழுதுகிறேன்.

"மற்ற வாட் நோயாளிகள் கூப்பிடுவது கேட்கக்கூடாது என்று காதை மூடிக்கொள்ளும் ஒரு தாதியைக் கதாநாயகியாக்கி இருக்கிறார்கள்." இதுதான் அந்த அண்ணை சொன்னது. சபையில் கொஞ்சப் பேர் தலையாட்டினார்கள். என் கதையின் தாதி சுமதி காதை மூடவில்லை. போனில் வரும் சத்தங்களைப் பிரித்து வைத்தாள். கதை முழுக்க அவள் செய்வது அதுதான்.

வாசிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் நான்காம் மாடி. கிழக்கு, நடு, மேற்கு என்று மூன்று வாட். இரவில் வாட்டுக்கு ஒரு தாதி. கட்டில் பெல்லை அழுத்தி யாரும் போகாவிட்டால் அந்த அழைப்பு மூன்று தாதிகளின் போனுக்கும் ஒன்றாகப் போகும். எந்த அழைப்பும் தவறக்கூடாது என்று நல்ல எண்ணத்தில் யாரோ அப்படி வைத்திருக்கிறார்கள். நடந்தது வேறு. மூன்று போனும் ஒரே சத்தத்தில் அடிக்கும்போது மூன்று பேரும் மற்றவள் போவாள் என்று இருந்துவிடுகிறார்கள். ஓரிரவு சுமதியின் சொந்த வாட்டில் ஒரு அம்மா பன்னிரண்டு நிமிடம் பெல்லை அழுத்திக்கொண்டே இருக்கிறார். கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இது எனக்கே நடந்தது. எங்கே என்று சொல்ல மாட்டேன். ஒரு ஐயாவுக்கு இன்சுலின் சிரிஞ்ச் பம்பில் போய்க்கொண்டிருந்தது. ஐம்பது மில்லி சேலைனில் ஐம்பது யூனிட், மணிக்கு இரண்டு மில்லி. கனியூலா முழங்கை மடிப்பில் இருந்தது. அவர் கையை மடித்துக்கொண்டு தூங்கிவிட்டார், குழாய் அடைபட்டுவிட்டது. இவ்வளவு மெதுவாகப் போகும் மருந்தில் அடைப்பு வந்தாலும் பம்ப் உடனே கத்தாது. குழாய்க்குள் அழுத்தம் ஏறி, பம்புக்கு வைத்திருக்கும் எல்லையைத் தொட்ட பிறகுதான் கத்தும். அதற்குள் எவ்வளவோ நேரம் போய்விடும். அது கடைசியில் கத்தியபோது எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் பக்கத்து வாட்டிலும் அதே கம்பனிப் பம்ப், அதே சத்தம். அங்கேதான் அடிக்கிறது என்று நினைத்தேன். கால் மணி நேரம். இரவு ஒரு மணிக்கு 182 இருந்த சுகர் அடுத்த முறை பார்க்கும்போது 296.

அடைப்பைக் கண்டதும் பதறிக் கையை நீட்டிவிடவும் கூடாது. குழாய்க்குள் தேங்கி நின்ற இன்சுலின் ஒரேயடியாக உள்ளே போய்விடும், ஏறிய சுகர் பிறகு கீழே விழும். முதலில் நோயாளி பக்கத்துக் கிளாம்பைப் பூட்டி, அழுத்தத்தை வெளியே எடுத்துவிட்டுத்தான் கையைத் தொட வேண்டும். அன்று அதைச் சரியாகச் செய்தேன். ஐயா சுகமாக வீட்டுக்குப் போனார். ஆனால் அந்தக் கால் மணி நேரம் இன்னும் என்னோடுதான் இருக்கிறது. எல்லாச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு இருந்தேன், அதனால்தான் என் நோயாளியின் சத்தம் எனக்குத் தெரியவில்லை. இந்தக் கதையை நான் ஏன் எழுதினேன் என்று கேட்டால் இதுதான் காரணம்.

"டோன் மாற்றுவதற்கு எட்டுப் பக்கமா?" என்றும் ஒரு கேள்வி வந்தது. ஆமாம், எட்டுப் பக்கம். அது அவ்வளவு லேசான வேலை இல்லை. தன் வாட்டின் அழைப்பு வேறாகக் கேட்க வேண்டும் என்று சுமதி முதலில் தனக்குப் பிடித்த பாட்டொன்றைப் போனில் டோனாக வைக்கிறாள். அது பஸ்ஸிலும் போகிறது, த்ரீவீலரிலும் போகிறது. ஒரு வாரத்தில் அவளுக்கு அது வெறும் பாட்டாகிவிடுகிறது. டியூட்டி இல்லாத நாளிலோ அந்தப் பாட்டு எங்காவது கேட்டாலே நெஞ்சு அடிக்கிறது. பிறகு கீச்சென்ற மெல்லிய பீப் ஒன்றை வைக்கிறாள். அது எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. மேசையிலா, பையிலா, பக்கத்து அறையிலா என்று தேடுகிறாள். இது என் கற்பனை இல்லை. ஒரே சுருதியில் கீச்சிடும் ஒலி வரும் திசையைக் காது லேசில் பிடிக்காது. மருத்துவக் கருவிகளின் அலார ஒலிக்கென்று இருக்கும் IEC 60601-1-8 என்ற சர்வதேசத் தரம், அடிச்சுருதி 150க்கும் 1000 ஹேர்ட்ஸுக்கும் இடையில் இருக்க வேண்டும், அதற்கு மேல் குறைந்தது நான்கு துணைச்சுருதிகளாவது சேர்ந்திருக்க வேண்டும் என்கிறது. அப்படிப் பல சுருதி சேர்ந்த சத்தம் ஏசி இரைச்சலில் முழுதாக அமுங்காது, திசையும் தெரியும்.

சுமதிக்கு அந்தத் தரம் எல்லாம் தெரியாது. அவள் வீட்டுக் குசினியில் அம்மாவின் பித்தளைச் செம்பைக் கவிழ்த்து வைத்து, கரண்டிக் காம்பால் மூன்று தட்டுத் தட்டிப் போனில் பதிகிறாள். செம்பு நீளமாகக் கணகணத்தால் அடுத்த தட்டு அதில் கரைந்துவிடுகிறது. அதனால் உள்ளே ஒரு துவாயைத் திணித்து மறுபடி தட்டுகிறாள். இரண்டு விநாடிச் சத்தம். அது தன் வாட்டின் கட்டில் பெல்லுக்கு. டொய்லட்டில் இழுக்கும் கயிற்றுக்கு அதே செம்பில் வேகமாக ஐந்து தட்டு, கொஞ்சம் விட்டு இன்னும் ஐந்து. ராத்திரியில் டொய்லட்டில் விழுகிறவர்களை நான் எத்தனை தடவை தூக்கியிருக்கிறேன்! அந்த இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று குழம்பக்கூடாது. பிறகு போனைத் தாதியர் மேசையில் வைத்துவிட்டு, ஏசி ஓடும்போது நடைபாதையின் கடைசி வரை நடந்துபோய் நின்று கேட்டுப் பார்க்கிறாள்.

பெரிய நிபுணர்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். அந்தச் சர்வதேசத் தரத்தில் முன்பு இதயத்துக்கு ஒரு மெட்டு, சுவாசத்துக்கு ஒரு மெட்டு, மருந்துப் பம்புக்கு ஒரு மெட்டு என்று சேர்த்திருந்தார்கள். தாதிகளால் அவற்றைப் பிரித்தறிய முடியவில்லை, எல்லாம் ஒன்றுபோலவே கேட்டன. அந்த மெட்டுகளுக்குக் காரணமாக இருந்த டொக்டர் பிராங்க் பிளாக் 2008இல் மன்னிப்புக் கேட்டே எழுதினார். 2020இல் வந்த திருத்தத்தில் இதயத்துக்கு இதயத் துடிப்பின் சத்தம், மருந்துக்குப் போத்தலில் குளிசை குலுங்கும் சத்தம் என்று மாற்றினார்கள். பொருளோடு ஒட்டிய சத்தத்தை மனுஷர் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். சுமதி செம்பைத் தேடிப் போனதும் அதனால்தான். பசிக்குச் செம்பும் கரண்டியும் தட்டுகிற வீட்டில் வளர்ந்தவள் அவள். அந்தச் சத்தம் வந்தால் யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று அவளுடைய உடம்புக்குத் தெரியும்.

கூட்டத்தில் இருந்தவர்கள் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அந்த அண்ணை பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு போன் அடித்தது. நாங்கள் எத்தனை பேர் பையைத் தடவினோம்? முன் வரிசையில் மட்டும் நான்கு பேர். யாருடையது என்று தெரிவதற்குள் அது அடித்து நின்றுவிட்டது.

"தலையைச் சாய்த்துக் கிடப்பவளுக்கு ஒரு சத்தம் மட்டும் எப்படிக் கேட்கும், இது மாயாஜாலம்" என்று, சுமதி கண்ணயர்ந்திருக்கும்போதும் செம்புச் சத்தம் கேட்டு எழும்பும் இடத்தைப் பற்றி இன்னொருவர் சொன்னார். இதற்கு எனக்குக் கோபம் கூட வரவில்லை. 1960இலேயே ஒஸ்வால்ட் என்ற ஆய்வாளரும் இன்னும் இரண்டு பேரும் தூங்குகிறவர்களுக்குப் பெயர்களை ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். மற்றப் பெயர்களை விடத் தங்கள் பெயருக்கு அவர்கள் கூடுதலாக அசைந்தார்கள். அதை விடுங்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கடற்கரை ரயில் போகிறது, ஜன்னல் கண்ணாடி அதிரும். நான் எழும்புவதில்லை. அடுத்த அறையில் மகள் ஒருதரம் இருமினால் எழும்பி உட்கார்ந்துவிடுவேன். பிள்ளை வளர்த்த யாரையும் கேட்டுப் பாருங்கள்.

சரி, மற்ற வாட் நோயாளிகள். இங்கேதான் எனக்கு மனசு நொந்தது, ஏனென்றால் பதில் ஆறாம் பக்கத்தில் இருக்கிறது. சுமதி போனில் Do Not Disturb போட்டு, தன் வாட்டின் கட்டில் பெல், டொய்லட் இரண்டு இலக்கத்தையும் அதற்கு விலக்காக வைக்கிறாள். மூன்று வாட்டின் டொய்லட் இலக்கத்தையும் விலக்காகவே விடுகிறாள். அடுத்தவள் வாட்டில் ஒருவர் விழுந்தாலும் அவளுக்குக் கேட்கும். மற்ற வாட்டின் கட்டில் பெல் மட்டும் முதல் தடவை சத்தமில்லாமல் வரும். அதற்கும் Repeat callers என்பதைத் திறந்து வைத்திருக்கிறாள். பதினைந்து நிமிடத்துக்குள் அதே இலக்கத்தில் இருந்து இரண்டாவது அழைப்பு வந்தால் போன் அடிக்கும். கதையில் மூன்று நாற்பதுக்கு அப்படித்தான் அடிக்கிறது. மேற்கு வாட் தாதி வேறொரு நோயாளியோடு நிற்கிறாள், சுமதி ஓடுகிறாள். இவள் காதை மூடினவளா? ஆறாம் பக்கத்தை வாசித்த பிறகுமா அப்படிச் சொல்ல மனம் வந்தது?

ஒரு அக்கா மெதுவாகக் கேட்டார், இரண்டாவது தடவை அழுத்தப் பலமில்லாத நோயாளி என்றால்? நியாயமான கேள்விதான், நானும் அதை யோசித்திருக்கிறேன். ஆனால் அதற்குச் சுமதியிடம் மட்டும் ஏன் பதில் கேட்கிறீர்கள்? வாட்டுக்கு ஒரு தாதியை விட்டது யார்? 2022க்குப் பிறகு என்னோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள், போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மிஞ்சியவள் இரண்டு பேரின் வேலையைச் செய்துகொண்டு, நூறு சத்தத்துக்கும் காது கொடுக்க வேண்டும், அப்படிக் கொடுத்துக் களைத்து ஒன்றைத் தவறவிட்டால் விளக்கக் கடிதமும் அவளே எழுத வேண்டும். "மிஸ், மிஸ்" என்று இரவு முழுக்கக் கூப்பிடுகிறவர்கள் காலையில் எங்கள் முகத்தைக்கூட நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். அது எனக்குப் பழகிவிட்டது. எங்களைப் பற்றி நாங்களே ஒரு கதை எழுதினால் அதிலும் நாங்கள் இரக்கமில்லாதவர்களா?

கதையைத் திருத்தச் சொன்னார்கள். டோன் பகுதியில் ஒரு வரியும் எடுக்க மாட்டேன். அந்த அக்காவின் கேள்விக்காக மட்டும் ஒரு இடம் சேர்க்கிறேன். இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் சுமதி போனைப் பையில் போட்டுக்கொண்டு மேற்கு வாட் முழுக்க ஒருமுறை நடக்கிறாள். பெல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டிலாகப் பார்க்கிறாள். ஏழாம் கட்டில் ஆச்சியின் பெல் கயிறு தலையணைக்குப் பின்னால் விழுந்து கிடக்கிறது. அதை எடுத்து ஆச்சியின் கைக்குள் வைத்து, விரல்களை மூடிவிடுகிறாள்.