‘தேவைப்படும் இடங்களில் சீர்செய்தல்’ என்ற வரிக்கு யாராலும் நியாயமான விலை போட முடியாது

கொழும்பு புறக்கோட்டையில், கபுக் எனப்படும் செம்பாறாங்கல்லால் கட்டிச் சுண்ணாம்புச் சாந்து பூசிய ஒரு பழைய கடைக் கட்டடத்தின் பேணல் வேலைக்கு விலைமனு கோரியபோது, அளவுப்பட்டியலில் ஒரு வரி இப்படி இருந்தது: ‘பழுதடைந்த உட்சுவர்ப் பூச்சைத் தேவைப்படும் இடங்களில் பொறியியலாளர் திருப்தியுறும் வகையில் சீர்செய்தல், மொத்தத் தொகை.’ அந்த வாசகத்தை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. விலைமனுக்களைத் திறந்தபோது, அந்த ஒரு வரிக்கு மட்டும் மிகக் கூடிய விலை மிகக் குறைந்த விலையின் நான்கு மடங்காக இருந்தது. விசாரித்ததில், குறைந்த விலை போட்டவர் கண்ணுக்குத் தெரிந்த ஓட்டைகளைச் சீமெந்தால் அடைப்பதை நினைத்திருந்தார். கூடிய விலை போட்டவர் முழுச் சுவரையும் உரித்துச் சுண்ணாம்பில் மீளப் பூசுவதை நினைத்திருந்தார். இருவரும் நேர்மையாகவே கணக்கிட்டிருந்தார்கள். இருவரிடமும் ஒரே வேலையைக் கேட்காதது எங்கள் பிழை.

என் கருத்து இதுதான்: பேணல் வேலையில் ‘எவ்வளவு’ என்ற கேள்விக்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் வேலை கொடுக்கும் நாங்கள்; ‘ஓர் அலகுக்கு என்ன செலவு’ என்பதற்கு மட்டுமே ஒப்பந்தக்காரர் பொறுப்பேற்க வேண்டும். மொத்தத் தொகை கேட்கும்போது முதல் கேள்வியையும் அவர் தலையில் போட்டுவிடுகிறோம். அவரோ சுவரை அரை மணி நேரம் பார்த்துவிட்டு, பயத்துக்கோ ஆசைக்கோ ஏற்ப ஒரு தொகையை எழுதுகிறார்.

ஆகவே வாசகம் முதலில் எது பழுது என்று சொல்ல வேண்டும். பழைய சுண்ணாம்புப் பூச்சைத் தட்டினால் பல இடங்களில் பொள்ளென்று ஒலிக்கும்; அப்படி ஒலிப்பதெல்லாம் விழப்போவதில்லை. நான் இப்போது எழுதுவது இவ்வாறு: விரல் மூட்டால் தட்டும்போது பொள்ளென்று ஒலித்தாலும், உள்ளங்கையால் அழுத்தும்போது அசையாமலும் வெளியே தள்ளாமலும் விளிம்பில் வெடிப்பின்றியும் இருக்கும் பூச்சு அப்படியே விடப்படும்; அழுத்தும்போது அசைவதும், உப்பூறி மாவாக உதிர்வதும், முன்பு சீமெந்தால் ஒட்டுப்போடப்பட்டதும் மட்டுமே வெட்டியெடுக்கப்படும். இந்தச் சோதனையை யார் செய்தாலும் ஏறக்குறைய ஒரே முடிவு வரும். ‘திருப்தியுறும் வகையில்’ என்ற சொல்லால் அது முடியாது.

அடுத்தது ஒட்டின் அளவு. புதுக் கட்டடத்தில் பூச்சைச் சதுர மீற்றர் கணக்கில் அளந்தால் போதும். ஒட்டுவேலையில் அது பெரும் அநியாயத்தைச் செய்யும். பத்துச் சதுர மீற்றர் பூச்சு ஒரே சதுரத் துண்டாக இருந்தால் அதன் சுற்றளவு சுமார் 12.6 மீற்றர். அதே பத்துச் சதுர மீற்றர் 0.1 சதுர மீற்றர் கொண்ட நூறு சிறு சதுரங்களாகச் சிதறியிருந்தால் மொத்தச் சுற்றளவு சுமார் 126 மீற்றர். ஒட்டுவேலையில் மேசனின் நேரம் பெரும்பாலும் விளிம்பில்தான் போகிறது: நல்ல பூச்சை அதிரவிடாமல் வெட்டுவது, விளிம்பைத் தூசி தட்டி நனைப்பது, பழைய மட்டத்தோடு பொருந்தத் தேய்ப்பது. நடுப்பகுதியைப் பூசுவது இலகு. அதனால் 0.1 சதுர மீற்றருக்குக் குறைந்த ஒட்டுகளை எண்ணிக்கையாகவும், அதிலிருந்து 0.5 வரை, 0.5 முதல் 2 வரை, 2க்கு மேல் என மூன்று வகைகளைச் சதுர மீற்றரிலும் தனித்தனியாக விலை கேட்கிறேன். இதற்கு மேல் வகை பிரித்தால் தளத்தில் அளப்பவர்கள் சோர்ந்துபோய், எல்லாவற்றையும் ஒரே வகையில் எழுதிவிடுவார்கள்.

இந்த வரைவை அனுப்புமுன், நீண்டகாலமாகச் சுண்ணாம்பு வேலை செய்யும் ஒரு மேசனிடம் தமிழில் வாசித்துக் காட்டினேன். கூலி விலையைக் கடைசியில் சொல்லப்போவது அவரைப் போன்றவர்கள்தான். ஆங்கிலத்தில் உள்ள எங்கள் விவரக்குறிப்பு அவர்கள் கைக்கு வருவதேயில்லை. அவர் கேட்டார்: “மிஸ், பூச்சு எத்தனை கனம்? கபுக் கல்லு உள்ளுக்குக் கரைஞ்சு குழியா இருந்தா அதை நிரப்புற சாந்து யார் கணக்கு?” நான் அதை எழுதியிருக்கவில்லை. “பாஸ், நீங்களே சொல்லுங்க, எந்தக் கனம் வரைக்கும் ஒரு விலைக்குச் செய்யலாம்?” என்று கேட்டேன். “இரண்டு கை பூசுற வேலை ஒரு இஞ்சிக்குள்ள முடியும். அதுக்கு மேல மூணாவது கை, அதுக்கு இன்னொரு வாரம் காத்திருக்கணும்” என்றார். அதன்பின், விலை 25 மில்லிமீற்றர் கனம் வரைக்குமானது என்றும், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு 10 மில்லிமீற்றருக்கும் தனி உருப்படி உண்டு என்றும் சேர்த்தேன்.

அவர் சொன்ன காத்திருப்பும் விலைக்குரியதே. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து மெதுவாக இறுகுகிறது. ஒரு கை பூசியபின் வெயிலும் காற்றும் நேரே படாமல் ஈரச் சாக்கால் மறைத்து வைக்காவிட்டால், தண்ணீர் முந்திப் போய் மேற்பரப்பில் வலைபோல வெடிப்பு விழும். எத்தனை நாள் மறைத்து நனைக்க வேண்டும், இரு கைகளுக்கிடையே குறைந்தது எத்தனை நாள் விட வேண்டும், அதுவரை சாரம் நிற்க வேண்டுமா என்பதை எழுதாவிட்டால், ஒருவர் சாரத்துக்கு மூன்று வார வாடகை போடுவார், மற்றவர் மூன்று நாள் போடுவார். கலவையிலும் அப்படியே. ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு என்று எழுதுவதோடு, சீமெந்து சிறிதளவும் சேர்க்கக்கூடாது என்று வெளிப்படையாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் விரைவில் இறுக வேண்டுமென்று ஒரு கரண்டியாவது விழும். அது கபுக் கல்லின் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். சில மழைக்காலங்களுக்குள் ஒட்டைச் சுற்றி உப்புப் பூத்துப் பக்கத்துப் பூச்சு உதிரும்.

அளவுகள் எங்கள் பொறுப்பு என்றால், அவற்றைத் தோராயமாகவேனும் நாங்களே எடுக்க வேண்டும். எல்லாச் சுவருக்கும் சாரம் கட்டப் பணமில்லாவிட்டால், மேல்மாடியில் ஓர் அறை, தரைமட்டத்தில் ஓர் அறை என இரண்டையாவது முழுதும் தட்டிப் பார்த்து, அவற்றின் விகிதத்தைக் கொண்டு மற்றவற்றை மதிப்பிடலாம். நிலத்திலிருந்து ஈரம் ஏறும் கீழ்ச்சுவரின் விகிதத்தை மேல்மாடிக்குப் போடக்கூடாது. பட்டியலில் அவற்றைத் தற்காலிக அளவுகள் என்று குறிப்பிட்டு, முடிந்தபின் மீள அளந்து பணம் கொடுக்க வேண்டும்.

மீள அளத்தலில் ஓர் ஆபத்து உண்டு: அதிகம் வெட்டினால் அதிகம் பணம். அதனால் வெட்டுமுன் இரு தரப்பும் சேர்ந்து சோக்கால் எல்லை கீறி, எண்ணிட்டுப் படமெடுக்க வேண்டும். கோட்டுக்கு வெளியே போனால் ஒப்பந்தக்காரர் செலவு என்று மட்டும் எழுதினால் அதுவும் நியாயமில்லை. எவ்வளவு கவனமாக வெட்டினாலும் பழைய விளிம்பு சிறிது உதிரும். கோட்டிலிருந்து 50 மில்லிமீற்றர் வரையான உதிர்வு விலைக்குள் அடங்கும், அதற்கு மேல் உதிர்ந்தால் வேலையை நிறுத்திக் காட்டிப் புதுக் கோடு கீற வேண்டும் என்று நான் எழுதுகிறேன். இந்த வரி வந்தபின் இடிசுத்தியலை வைத்துவிட்டுச் சிற்றுளி எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விலைமனுக்கள் வந்தபின் நான் முதலில் பார்ப்பது மொத்தத்தை அல்ல, நான்கு வகைகளின் விலைகளுக்கிடையேயான ஒழுங்கை. நூறு சிறு ஒட்டுகளின் கணக்கு உண்மையென்றால், ஒட்டு சிறியதாகச் சிறியதாகச் சதுர மீற்றர் விலை ஏற வேண்டும். எல்லா வகைக்கும் ஒரே விலை போட்டவர் வாசகத்தை வாசிக்கவில்லை. பெரிய ஒட்டுக்கு மட்டும் விலையைத் தூக்கி, மற்றவற்றை மிகவும் தாழ்த்தியவர், எங்கள் அளவு பிழையென்றும் சுவர் முழுதும் உரிக்கப்படும் என்றும் கணக்குப் போட்டிருக்கலாம். அவர் மொத்தம் குறைவாகத் தெரிந்தாலும், மீள அளக்கும்போது கூடிவிடும். அப்படிப்பட்டவரிடம் விலை எப்படி வந்தது என்று எழுத்தில் விளக்கம் கேட்பதற்கு முன், நான் எங்கள் அளவை இன்னொரு அறையில் தட்டிச் சரிபார்ப்பேன். சில வேளைகளில் அவர் நினைத்தது சரியாகவும் இருந்திருக்கிறது.