ஹம்ஸா விதி பாதிதான் சரி

"அரபி எழுத்துல ரெண்டு ஜபர் வந்தா கடைசியில் அலிஃப் போடணும், வட்டத் தாவிலும் ஹம்ஸாவிலும் முடிஞ்சா போடக்கூடாது, அவ்ளோதான்."

வட்டத் தா சரி பாய். مدرسةً என்று தாவின் மேலேயே இரண்டு ஜபரையும் வைத்துவிடலாம். நிறுத்தி ஓதினால் அது ஹாவாகிவிடும், அலிஃபுக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் ஹம்ஸாவில் பாதிதான் சொன்னீர்கள், அங்கே பார்க்க வேண்டியது அதற்கு முந்தின எழுத்தை. பகரா 22-ல் ماءً வருகிறது பாருங்கள், ஹம்ஸாவுக்கு முன்னால் ஏற்கெனவே அலிஃப் இருப்பதால் பின்னால் இன்னொன்று எழுதுவதில்லை, நிறுத்தும்போது மட்டும் நீட்டி ஓதுவோம். அதே சூரா 260-ல் جزءًا: முன்னால் அலிஃப் இல்லை, அதனால் பின்னால் வந்துவிட்டது. யாவுக்குப் பிறகு வந்தால் யா அடுத்த எழுத்தோடு சேர்கிறதால் ஹம்ஸா பல் மேல் ஏறிக்கொள்ளும், شيئًا. இதை شيءًا என்று மண்ணடியில் ஒரு நோட்டீஸ் புரூஃபில் விட்டுவிட்டு ஹஜ்ரத்திடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. ஹம்ஸா அலிஃப் மேலேயே உட்கார்ந்திருந்தால், இன்றைய எழுத்துமுறையில் خطأً, அதுவே போதும்.

بيتًا என்பதில் தா இருந்தும் ஏன் அலிஃப் என்று கேட்ட தங்கச்சிக்கு: அது நீளத் தா, வட்டத் தா இல்லை. உங்கள் டீச்சர் போட்டது சரிதான்.

அப்புறம் ஜபர் முந்தின எழுத்து மேலா, அலிஃப் மேலா என்ற சண்டை. كتابًا, كتاباً இரண்டும் அச்சில் புழங்குகின்றன. நான் முதல் கட்சி, ஹஜ்ரத் இரண்டாவது, இன்னும் முடியவில்லை.